சாலை மேல் விரியும் மீட்டர்கள்

பள்ளி வாசலில் வண்டிகள் கண்மண் தெரியாமல் போகின்றன என்று பெற்றோர் சொல்கிறார்கள். அப்படியொன்றும் வேகமில்லை என்று அதே சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாலும் இந்த வழக்கு தீராது. தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்தால் வண்டி ஊர்ந்து வருவதுபோல் தெரியும். சாலையோரம் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் அதே வண்டி சீறிப் பாயும். திரையில் பார்த்து வேகத்தைச் சொல்ல யாராலும் முடியாது.

ஆனால் அந்த வேகம் வீடியோவுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. அதை எண்ணாக வெளியே எடுத்து, அந்த எண்ணையும் அதன் வரைபடத்தையும் அதே காட்சியின் மேல் அசையவிட்டால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று நிமிடத்தில் காட்டிவிடலாம். இதில் ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. வெறும் தாளில் பட்டை வரைபடம் பார்க்கிறவர் அதை ஒரு கணக்கு என்று எடுத்துக்கொள்வார். நிஜச் சாலையின் மேல் பட்டை விரிவதைப் பார்க்கிறவர், அந்தச் சாலையே அப்படி இருப்பதாக எடுத்துக்கொள்வார். அதனால் காட்சியின் மேல் வைக்கும் வரைபடத்தில் நீளம் எங்கே முடிகிறது, எந்த நொடியில் முடிகிறது என்ற இரண்டுமே சரியாக இருக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருள்களின் வழக்கமான அமைப்புகளை அப்படியே விட்டுவிட்டால் இந்த இரண்டுமே தவறிப்போகும்.

முதலில் அளவு. சாலை காலியாக இருக்கும் விடுமுறை நாள் காலையில் ஒரு நாடாவும் சுண்ணாம்பும் போதும். சாலையின் குறுக்கே பூஜ்யத்தில் ஒரு கோடு, அங்கிருந்து 10, 20, 30, 40 மீட்டரில் ஒவ்வொரு கோடு. கேமராவை மாடி ஜன்னலில் ஸ்டாண்டில் வைத்து அசையாமல் பூட்டிவிட வேண்டும். ஃபோகஸையும் வெளிச்ச அமைப்பையும் பூட்ட வேண்டும். கைப்பேசி தானாகச் செய்யும் நடுக்கம் நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு ஃபிரேமையும் கொஞ்சம் வெட்டியும் வளைத்தும் நகர்த்தும், பிறகு எந்தக் கோடும் வைத்த இடத்தில் நிற்காது.

வண்டியின் முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி பூஜ்யக் கோட்டைத் தாண்டும் ஃபிரேம் எது, 20 மீட்டர் கோட்டைத் தாண்டும் ஃபிரேம் எது என்று பார்த்து, இடையில் எத்தனை ஃபிரேம் என்று எண்ண வேண்டும். பானெட்டையோ ஹேண்டில்பாரையோ வைத்து எண்ணக் கூடாது. அவை தரைக்கு மேலே இருப்பதால், கேமராவிலிருந்து பார்க்கும்போது கோட்டை உண்மையில் தாண்டாத நேரத்தில் தாண்டியதுபோல் தெரியும். நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 20 மீட்டரைக் கடக்க 72 ஃபிரேம் எடுக்கும். மணிக்கு 50 கி.மீ. என்றால் 43 ஃபிரேம். எண்ணிக்கையில் ஒரு ஃபிரேம் முன்பின் ஆனால் 50 கி.மீ. வேகத்தில் பிழை ஏறக்குறைய 1 கி.மீ.தான். இதையே 5 மீட்டர் இடைவெளியில் எண்ணினால் மொத்தமே 11 ஃபிரேம். ஒரு ஃபிரேம் தவறினால் நாலரைக் கி.மீ. தவறும். அளக்கும் இடைவெளி நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பல கைப்பேசிகள் 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும் அதைச் சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், கருவி சூடேறினால், ஃபிரேம்களுக்கு இடையிலான நேரம் கூடிக் குறையும். அந்தக் கோப்பில் 43 ஃபிரேம் என்பது 1.4 நொடி என்று சொல்லவே முடியாது. கோப்பைச் சோதிக்க ஒரு கட்டளை உண்டு:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 road.mp4
```

வரும் இரண்டு எண்களும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபிரேம் வேகம் மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது எண்ணத் தொடங்கும் முன்பே கோப்பை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்:

```
ffmpeg -i road.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 road30.mp4
```

இது ஒவ்வொரு ஃபிரேமையும் அதற்குரிய நேரத்தில் உட்காரவைக்கும். தேவைப்பட்ட இடத்தில் ஒரு ஃபிரேமை இரட்டிக்கும் அல்லது விடும். பிறகு எடிட்டிங்கிலும் இந்தக் கோப்பையே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பில் அளந்து, வேறொன்றின் மேல் வரைபடத்தை வைத்தால் ஓரிரு நிமிடத்துக்குள் வண்டியும் எண்ணும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவத் தொடங்கும்.

இப்போது கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, பள்ளி விடும் நேரத்தில் அரைமணிக்குள் போன 40 வண்டிகளின் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 9 வண்டிகள் 30 கி.மீ.க்குக் கீழே, 17 வண்டிகள் 30க்கும் 40க்கும் இடையே, 11 வண்டிகள் 40க்கும் 50க்கும் இடையே, 3 வண்டிகள் 50க்கு மேல். எந்த அரைமணி என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதற்குள் போன எல்லா வண்டிகளையும் சேர்க்க வேண்டும். சீறிப் போனதை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் அதை எந்த அனிமேஷனாலும் காப்பாற்ற முடியாது.

இதைக் காட்டப் பலரும் முதலில் நினைப்பது ஒரு பெரிய எண். திரையின் நடுவே 0, 1, 2 என்று சுழன்று ஓடி 78% என்று நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நொடிக்கு முப்பது முறை மாறும் எண்ணைக் கண் படிப்பதில்லை. நிற்கும்வரை அங்கே படிக்க ஒன்றுமில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது, இடையில் ஓடிய 23%, 51% எல்லாம் எதையும் குறிப்பதில்லை என்பது. அனிமேஷனில் இடைப்பட்ட ஒவ்வொரு ஃபிரேமும் பார்வையாளரிடம் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. அது உண்மையாக இருக்க வேண்டும், அல்லது சட்டென்று கடந்துபோக வேண்டும்.

ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் பி.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் 200 நாடுகளின் 200 ஆண்டுகளை நான்கு நிமிடத்தில் ஓட்டிக்காட்டினார். அவருக்கு முன்னால் காற்றில் நகர்ந்த ஒவ்வொரு குமிழும் ஒரு நாடு. அது நகர்ந்த பாதை அந்த நாட்டின் ஆண்டுகள். நடுவில் எங்கே நிறுத்தினாலும் அது ஏதோ ஓர் ஆண்டின் நிலவரம். அந்தக் காட்சி மனதில் நிற்க அவருடைய பேச்சு ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம். 2007இல் ஜெஃப்ரி ஹீரும் ஜார்ஜ் ராபர்ட்சனும் வரைபடங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும்போது அசைவு உதவுகிறதா என்று சோதித்தார்கள். கவனமாக வடிவமைத்த அசைவு, எந்தப் புள்ளி எங்கே போனது என்பதைப் பின்தொடரக் கண்ணுக்கு உதவியது. அதற்கு முன்பே, 2002இல், பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அசைவு இருந்தாலே புரிதல் கூடிவிடும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். வேகமாகவும் சிக்கலாகவும் ஓடும் அசைவைப் பார்வையாளரால் சரியாக உணரவே முடிவதில்லை என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

நம் 40 வண்டிகளுக்கு இது இப்படிப் பொருந்தும். ஒரு வண்டி 20 மீட்டர் கோட்டைத் தாண்டும் அதே ஃபிரேமில் அதன் மேல் ஒரு புள்ளி தோன்றட்டும். புள்ளி அரை நொடியில் திரையின் கீழே இருக்கும் வேக அளவுகோலுக்கு இறங்கி, தன் இடத்தில் உட்காரட்டும். அடுத்த வண்டி, அடுத்த புள்ளி. ஒரே வேகத்தில் வந்தவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். முதல் நாலைந்து வண்டிகளை அசல் வேகத்தில் காட்டிவிட்டு, மீதியை வேகமாக ஓட்டலாம். அப்போது ‘வேகமாக ஓட்டப்படுகிறது’ என்று திரையில் எழுத வேண்டும், இல்லையென்றால் ஓடுகிற வண்டிகளே அவ்வளவு வேகம் என்று ஆகிவிடும். ஓரத்தில் எண்ணிக்கை 1, 2, 3 என்று ஏறலாம். இங்கே இடைப்பட்ட எண் ஒவ்வொன்றும் உண்மை. அளவில் ஒரு கி.மீ. முன்பின் இருப்பதால் புள்ளிகளை 5 கி.மீ. அகலப் பிரிவுகளில் அடுக்குவதுதான் நேர்மை.

நாற்பதும் இறங்கியதும் காட்சியை உறையவைத்து, பாதி வெளிச்சத்துக்குக் குறைத்து, 30இல் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் போதும். ஏன் 30 என்று கேட்பார்கள். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த சாலைப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாட்டின் பிரகடனம், நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வாகனங்களோடு அடிக்கடி கலக்கும் இடங்களில் உச்ச வேகமாகச் சொன்னது அந்த எண்ணைத்தான். கோட்டுக்கு வலப்பக்கம் 31 புள்ளிகள். ‘40இல் 31’ என்று எழுதுங்கள். திரையில் அந்த 31ஐ எண்ணிப் பார்க்க முடியும். 78 சதவீதத்தை எண்ண முடியாது.

ஆனாலும் ஒருவர் எழுந்து கேட்பார்: 30க்கும் 50க்கும் என்ன பெரிய வித்தியாசம்? பிரேக் பிடித்தால் நின்றுவிடப் போகிறது. இந்தக் கேள்விக்கான பதில்தான் படத்தின் உயிர்.

வண்டி நிற்க ஆகும் தூரம் இரண்டு துண்டுகள். ஆபத்தைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்தும்வரை வண்டி முழு வேகத்தில் போய்க்கொண்டேயிருக்கும். அதற்கு ஒரு நொடி என்று கொள்வோம். பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரம்:

```
d = v × 1 + v² / (2a)
```

உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் உள்ள காருக்கு a என்பதை நொடிக்கு நொடி 7 மீட்டர் வேகக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 30 கி.மீ. என்பது நொடிக்கு 8.3 மீட்டர். முதல் நொடியில் 8.3 மீட்டர், பிரேக்கில் 5 மீட்டர், மொத்தம் 13.3 மீட்டர். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு 13.9 மீட்டர். முதல் நொடியில் 13.9, பிரேக்கில் 13.8, மொத்தம் 27.7 மீட்டர்.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். 30இல் வந்த கார் முற்றிலும் நின்றுவிட்ட 13.3 மீட்டரில், 50இல் வந்த காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கைத் தொடவில்லை. அந்த இடத்தை அது 50இலேயே கடக்கிறது. 40இல் வந்த கார் அங்கே பிரேக் பிடித்து 2 மீட்டர்தான் ஆகியிருக்கும்; அப்போதும் அதன் வேகம் மணிக்கு 35 கி.மீ. இதைச் சொல்லால் விளக்கினால் கூட்டம் தலையாட்டிவிட்டு மறந்துவிடும். அவர்களுக்குத் தெரிந்த சாலையில், அவர்களுக்குத் தெரிந்த பெட்டிக்கடைக்கு எதிரே, அதே நேர அளவில் ஓடவிட்டால் மறக்க முடியாது.

காலிச் சாலையின் காட்சியை எடுத்துக்கொண்டு, பூஜ்யக் கோட்டிலிருந்து இரண்டு பட்டைகளை ஒரே ஃபிரேமில் புறப்படவிட வேண்டும். ஒன்று 30க்கு, இன்னொன்று 50க்கு. இங்கேதான் மென்பொருள் தன் பழக்கத்தைக் காட்டும். கீஃப்ரேம் வைத்ததும் ‘ஈஸி ஈஸ்’ என்ற அமைப்பைத் தட்டிவிடுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். அது மெல்லத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, மெல்ல முடியும். கண்ணுக்கு இதமான அசைவு. ஆனால் நம் பட்டையில் அதைப் போட்டால், மணிக்கு 50 கி.மீ.யில் வந்த வண்டி பூஜ்யக் கோட்டில் நின்றுகொண்டிருந்து புறப்பட்டதாக அர்த்தமாகிறது. பிரேக் தொடங்கும் இடத்தில் இன்னொரு கீஃப்ரேம் இருந்தால் அங்கேயும் ஒருமுறை நின்று, மறுபடி வேகமெடுத்து, பிறகு நிற்கும். உலகில் எந்த வண்டியும் அப்படி ஓடியதில்லை.

சரியான அசைவை இயற்பியலே தருகிறது. முதல் நொடி, அதாவது 30 ஃபிரேம், நேர்கோட்டு வேகம், வளைவே வேண்டாம். அதன் பிறகு வேகம் சீராகக் குறைகிறது. 30இல் வந்த கார் நிற்க இன்னும் 1.2 நொடி, அதாவது 36 ஃபிரேம். 50இல் வந்த காருக்கு 2 நொடி, 60 ஃபிரேம். சீராகக் குறையும் வேகத்தின் வளைவு ஓர் இருபடி வளைவு. வளைவின் கைப்பிடிகளை எண்ணாகக் கொடுக்க இடம் இருக்கும் மென்பொருளில் அதற்குரிய மதிப்பு இதுதான்:

```
cubic-bezier(0.333, 0.667, 0.667, 1)
```

இந்த வளைவு தன் சராசரியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடியும். பிரேக் பிடித்து நிற்கும் வண்டியின் சராசரி வேகம் தொடக்க வேகத்தில் சரிபாதி என்பதால், முதல் நொடியின் நேர்கோடும் இந்த வளைவும் உடைப்பு தெரியாமல் இணைந்துவிடும். சரியாகச் செய்தோமா என்பதற்கு அதுவே சோதனை. பிரேக் தொடங்கும் ஃபிரேமில் பட்டை குலுங்கினால் எங்கோ எண் தவறியிருக்கிறது. முதல் நொடிக்கு ஒரு நிறமும் பிரேக் தூரத்துக்கு இன்னொரு நிறமும் கொடுங்கள். முதல் ஓட்டத்தை முழுதாக, அசல் நேரத்தில் ஓடவிடுங்கள். மூன்று நொடியில் முடிந்துவிடும். இரண்டாம் முறை, 50இன் பட்டை 13.3 மீட்டரைத் தொடும் 29ஆம் ஃபிரேமில் எல்லாவற்றையும் நிறுத்தி, அதன் முனையில் ‘இன்னும் 50’ என்று எழுதுங்கள். பட்டை அப்போது முதல் நிறத்தில்தான் இருக்கும்.

நேரம் சரியாகிவிட்டது. இனி நீளம், அதாவது கோணப் பார்வை. மாடி ஜன்னலில், தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் கைப்பேசி இருக்கிறது. பூஜ்யக் கோடு அங்கிருந்து 15 மீட்டர் தள்ளி, 40 மீட்டர் கோடு 55 மீட்டர் தள்ளி என்று கொள்வோம். வழக்கமான கைப்பேசி லென்ஸில் 1920 அகல வீடியோவுக்குக் கணக்கிட்டால், முதல் 10 மீட்டர் திரையில் ஏறத்தாழ 200 பிக்சல் உயரம் பிடிக்கும். கடைசி 10 மீட்டர் பிடிப்பது 30 பிக்சல். பூஜ்யத்துக்கும் நாற்பதுக்கும் திரையில் நட்ட நடுவே ஒரு கோடு போட்டு அதை 20 மீட்டர் என்று எழுதினால், தரையில் அந்த இடம் வெறும் எட்டரை மீட்டர்.

அதனால் பட்டையைத் திரையின் மேல் நேரடியாக வரையக் கூடாது. 40 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலச் சாலைத்துண்டை மேலிருந்து பார்த்த தட்டையான படமாக முதலில் செய்துகொள்ள வேண்டும். ஒரு மீட்டருக்கு 50 பிக்சல் என்றால் 2000க்கு 150 பிக்சல். பட்டைகள், மீட்டர் குறிகள், அசைவு எல்லாம் அதற்குள் நடக்கட்டும். பிறகு அந்தப் படத்தின் நான்கு மூலைகளையும் சாலையில் உள்ள நான்கு சுண்ணாம்பு முனைகளில் ‘கார்னர் பின்’ வசதியால் பொருத்திவிட வேண்டும். பிளெண்டர், டாவின்ச்சி ரிசால்வ் போன்ற இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களிலேயே இதற்கு வழி உண்டு. பொருத்தியதும் 10, 20, 30 மீட்டர் குறிகளைப் பாருங்கள். அவற்றை நாம் பொருத்தவில்லை. ஆனாலும் சாலையில் போட்ட சுண்ணாம்புக் கோடுகளின் மேல் அவை தாமாகப் போய் விழ வேண்டும். விழுந்தால் கணக்கு சரி. விலகினால் ஏதோ ஒரு மூலை தவறு, அல்லது சாலை சமதளமாக இல்லை, அல்லது லென்ஸ் வளைக்கிறது. இந்தச் சுண்ணாம்புக் கோடுகளைக் காட்சியிலிருந்து அழிக்காமல் விட்டுவைப்பது நல்லது. சந்தேகப்படுகிறவர் நாடாவோடு போய் அளந்து பார்க்கட்டும்.

இத்தனையும் செய்த பிறகு ஒன்று புலப்படும். உண்மையில் 13.3 மீட்டர் என்பது 27.7 மீட்டரில் பாதிகூட இல்லை. ஆனால் திரையில் அந்தப் பட்டைகள் 235 பிக்சலும் 324 பிக்சலுமாக இருக்கும். சின்னது பெரியதில் முக்கால் பங்குபோல் தெரியும். பொய் எதுவும் இல்லை, தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஒப்பிடுகிற கண்ணுக்கு வித்தியாசம் சுருங்கிவிட்டது. குறுக்கே நின்று பக்கவாட்டில் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றும். ஆனால் 40 மீட்டரும் ஒரே ஃபிரேமில் வர, சாலையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். நம் தெருக்களில் அதற்குள் இரண்டு வீடுகள் வந்துவிடும்.

வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழி சொல்கிறது. ஒரே அளவுகோலில் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதை மனிதர்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள். கோணத்தையும் பரப்பளவையும் ஒப்பிடும்போது தடுமாறுகிறார்கள். ஆகவே சாலையில் பட்டை விரியும் அதே நேரத்தில், திரையின் கீழ்ப்பகுதியில் தட்டையான அளவுகோல் ஒன்றில் அதே இரண்டு பட்டைகளும் ஒரே பூஜ்யத்திலிருந்து விரியட்டும். ஒரே அனிமேஷனை இரண்டு இடத்தில் காட்டுவதுதான். ஒன்றை மூலைகளில் பொருத்தி, இன்னொன்றை நேராக வைத்து. இது எங்கள் தெரு என்பதைச் சாலையில் உள்ள பட்டை சொல்லும், எவ்வளவு என்பதைக் கீழே உள்ள பட்டை சொல்லும். இரண்டும் ஒரே ஃபிரேமில் புறப்பட்டு ஒரே ஃபிரேமில் நிற்பதால் கண் அவற்றைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் செய்யும்போது இங்கேதான் அவசரப்பட்ட வேலை பல்லிளிக்கும். தட்டச்சு செய்வதுபோல் எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவை ‘வேகம்’ என்ற சொல்லுக்குப் போட்டால், கணினி மூன்று எழுத்தைப் பார்ப்பதில்லை, ஐந்து குறிகளைப் பார்க்கிறது. வ, வே, வேக, வேகம, வேகம் என்று காட்டும். தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளாக இருந்தால் இரட்டைக் கொம்பு தனியே பிரிந்து, பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று வந்து நிற்கும். சொல் சொல்லாகத் தோன்றவிடுவதே சரி. எண்கள் மாறும் இடத்தில் எல்லா இலக்கமும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 19 என்பது 20 ஆகும்போது பக்கத்தில் இருக்கும் ‘கி.மீ.’ துள்ளும். வெயிலில் வெளுத்த சாலையின் மேல் வெள்ளை எழுத்து நிற்காது என்பதால் எழுத்தின் பின்னால் பாதிக்கு மேல் அடர்த்தியான கறுப்புப் பட்டி வேண்டும். அந்த எழுத்து திரையில் இருக்கும் நேரம் முழுக்கக் கீழே வண்டிகள் ஓடக் கூடாது. அசைவு எங்கே இருக்கிறதோ கண் அங்கேதான் போகும்.

வண்டிகளுக்கு ஒரு மரியாதை செய்தாக வேண்டும். ஒரு வண்டியின் தலைக்கு மேல் 52 என்று எழுதும்போது அதை ஓட்டியவர் மேல் ஊரறியக் குற்றம் சொல்கிறோம். நம்பர் பிளேட்டையும் முகத்தையும் ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடர்ந்து மங்கலாக்க வேண்டும். குழந்தைகள் முகங்களுக்கும் அதே. அந்த எண் அந்த வண்டியை அளந்த எண்ணாகவே இருக்க வேண்டும். பொருத்தமாக இருக்கிறதே என்று வேறொரு நாளில் எடுத்த வண்டியின் மேல் இன்றைய சராசரியை ஒட்டுவதைப் பல படங்களில் பார்க்கிறேன். அது ஒருவர் செய்யாததை அவர் செய்ததாகக் காட்டுவது.

கடைசியாக, பட்டையின் முனை. 27.7 மீட்டரில் கத்தியால் வெட்டியதுபோல் அது முடிந்தால், அவ்வளவு துல்லியமாக நமக்குத் தெரியும் என்று காட்டுகிறோம். நமக்குத் தெரியாது. ஒரு நொடி என்பது கவனமாக ஓட்டுகிறவருக்குத்தான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றரை ஆனால் 50 கி.மீ.யில் முதல் துண்டே 21 மீட்டர் ஆகிவிடும். மழையில் டயர் தரையைப் பிடிப்பது குறைந்து a நான்காக இறங்கினால், 30இல் வந்த கார் நிற்க 17 மீட்டர், 50இல் வந்தது நிற்க 38 மீட்டர். இரு சக்கர வாகனத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர்களுக்கு இன்னும் கூடும். இதைத் திரையில் சொல்ல எளிய வழி, உலர்ந்த சாலையின் தூரம்வரை பட்டையை அடர்த்தியாக வரைந்து, அங்கிருந்து மழைத் தூரம்வரை படிப்படியாக மங்கவிடுவது. 50இன் மங்கிய வால் நாற்பது மீட்டர்க் கோட்டை ஏறக்குறையத் தொட்டுவிடும். சுண்ணாம்புக் கோடுகளை முப்பதோடு நிறுத்தாமல் நாற்பதுவரை போட்டது இதற்காகத்தான்.